அல்வா கேஸ் ஞாபகம் இருக்கு, பேர்தான் வரலை: சட்டப் பரீட்சையில் தீர்ப்புகளை எழுதுவது எப்படி

பெரும்பாலான சட்டக் கல்லூரிப் பரீட்சைகளில், சட்டப் பிரிவுகளை மட்டும் அச்சிட்ட 'பேர் ஆக்ட்' புத்தகத்தைக்கூட ஹாலுக்குள் கொண்டுபோக முடியாது. பிரிவு எண், வரையறை, கேஸ் எல்லாமே தலைக்குள்ளிருந்துதான் வர வேண்டும். பரீட்சை நெருங்கும் மாதங்களில், பாளையங்கோட்டையில் என் ஆபீசுக்கு மாலை நேரத்தில் சில மாணவர்கள் எழுதிப் பார்த்த விடைகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அதில் இரண்டு வகையை அடிக்கடி பார்க்கிறேன். ஒருவர் வரிக்கு ஒரு கேஸ் பெயர் எழுதியிருப்பார். எது எதற்காக வந்தது என்று தெரியாது. இன்னொருவருக்குக் கேஸின் கதை முழுக்கத் தெரியும், ஆனால் பெயர் நினைவுக்கு வராததால் அதையே எழுதாமல் விட்டிருப்பார். இரண்டாமவரின் மதிப்பெண் போவதைப் பார்த்தால்தான் எனக்கு அதிக வருத்தம்.

வள்ளியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒரு நாள் கேட்டாள்: "சார், விஷ அல்வா கேஸுன்னு ஒண்ணு உண்டும்லா, அதுக்குப் பேரு என்ன செஞ்சும் வரமாட்டேங்கு. எழுதவா, விடவா?"

"பேரை விடும்மா. அந்தக் கேஸ் எந்தப் பாயின்டுக்கு வந்துச்சுன்னு சொல்லு."

அதற்கும் அவளிடம் பதில் இல்லை. பெயரைவிட அந்தப் பதில்தான் முக்கியம், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விடையில் ஒரு கேஸ் வந்தால் அது ஏதாவது வேலை செய்ய வேண்டும். சில இடங்களில் கேஸ்தான் சட்டம். தீங்கியல் சட்டத்துக்கு நம் நாட்டில் ஒரே தொகுப்பாகச் சட்டம் கிடையாது. பொருளைத் தயாரித்தவருக்கு, தான் நேரில் பார்த்திராத நுகர்வோர் மீதும் கவனக் கடமை உண்டு என்று எழுதினால், அதற்கு ஆதாரம் 1932-இல் வந்த டோனாஹ்யூ எதிர் ஸ்டீவன்சன், அந்த ஜிஞ்சர் பீர் பாட்டில் நத்தை கேஸ்தான். அதை எடுத்துவிட்டால் விடைக்குக் கால் இல்லை. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பும் இப்படித்தான். 368-ஆம் பிரிவை எத்தனை முறை படித்தாலும் அந்தச் சொல் அங்கே கிடைக்காது. 1973-இல் வந்த கேசவானந்த பாரதி தீர்ப்பில்தான் இருக்கிறது. இவற்றை மனப்பாடம் செய்யாமல் தப்பிக்க வழியில்லை.

வேறு சில இடங்களில் பிரிவு பேசுகிறது, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, மேஜர் ஆனவர்தான் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர் என்கிறது. சரி, மைனர் செய்துவிட்டால்? அது அடியோடு செல்லாததா, மைனர் விரும்பினால் தள்ளிவிடக்கூடியதா என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அடியோடு செல்லாது என்று 1903-இல் பிரிவி கவுன்சில் சொன்னது; மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ். இங்கேயும் கேஸ் வேண்டும், ஆனால் பிரிவு பக்கத்தில் இருப்பதால், பெயர் தவறினாலும் விடை கீழே விழாது.

மூன்றாவது வகை வெறும் அலங்காரம். பிரிவே தெளிவாகச் சொல்லிவிட்ட விஷயத்துக்கு, படித்தது தெரியட்டும் என்று ஒரு கேஸைச் செருகுவது. ஞாபகம் வந்தால் எழுதலாம், வரவில்லை என்றால் அரை நிமிடம்கூட அதற்காக யோசிக்க வேண்டாம்.

பேனா ஒரு கேஸ் பெயரில் நின்றுபோகும்போது உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கேஸ் இல்லாமல் என் வாக்கியம் நிற்குமா? நிற்கும் என்றால் மேலே போய்விடலாம். நிற்காது என்றால் பெயர் இல்லாமலாவது அந்தக் கேஸை எழுதியே ஆக வேண்டும். எப்படி என்பதை அல்வா கேஸை வைத்தே பார்ப்போம்.

நம் ஊர்க்காரர்களுக்கு மறக்கவே முடியாத கேஸ் அது. திருநெல்வேலிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, அல்வாதான் காரணம். ஒருவர் இன்னொருவரைக் கொல்லும் நோக்கத்தில் அல்வாவில் விஷம் கலந்து கொடுக்கிறார். வாங்கியவர் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை எறிந்துவிடுகிறார். அதை எடுத்துத் தின்ற ஒரு சிறுமி இறந்துபோகிறாள். சிறுமியைக் கொல்லும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. 1912-இல் சென்னை உயர் நீதிமன்றம், பெரும்பான்மைத் தீர்ப்பாக, இது கொலைதான் என்றது. முழுப் பெயர், எம்பரர் எதிர் முஷ்ணூரு சூரியநாராயண மூர்த்தி. பெயர் வரமாட்டேங்குது என்று அந்தப் பெண் சொன்னதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது பரீட்சையில் இப்படி ஒரு பிரச்சினை வினா வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடசாமி தன் தொழில் கூட்டாளி செல்லையாவைக் கொல்லத் திட்டமிட்டு, பதநீரில் விஷம் கலந்து கொடுத்தனுப்புகிறான். செல்லையா ஒரு வாய் குடித்துவிட்டு, ருசி பிடிக்காமல் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போகிறார். பக்கத்து வீட்டுச் சிறுவன் எடுத்துக் குடித்து இறக்கிறான். செல்லையா பிழைத்துக்கொள்கிறார். மாடசாமி செய்த குற்றம் என்ன?

இந்த வினாவுக்குக் கேஸில்லாமலேயே பெரும்பகுதியை எழுதிவிடலாம். செல்லையாவைப் பொறுத்தவரை கொலை முயற்சி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 109-ஆம் பிரிவு, பழைய 307. சிறுவனைப் பொறுத்தவரை 102-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 301. ஒருவர் மரணம் விளைவிக்கும் நோக்கத்தோடு செய்த செயலால், தான் நினைக்காத வேறொருவருக்கு மரணத்தை விளைவித்தால், நினைத்த ஆள் இறந்திருந்தால் என்ன குற்றமோ அதே குற்றம்தான் என்பது அதன் சாரம். செல்லையா இறந்திருந்தால் 101-ஆம் பிரிவின்படி கொலை. ஆகவே சிறுவன் இறந்ததும் கொலை, தண்டனைக்கு 103. இதுவரை பிரிவுகளே வழி காட்டுகின்றன.

ஆனால் கூர்மையான மாணவர் இங்கே நிறுத்தமாட்டார். 102-ஆம் பிரிவிலும் "மரணத்தை விளைவித்தால்" என்றுதான் இருக்கிறது. மாடசாமி சிறுவன் கையில் செம்பைக் கொடுக்கவில்லையே. இடையில் செல்லையா அதைத் திண்ணையில் வைத்தார், சிறுவன் தானாக எடுத்துக் குடித்தான். இரண்டு பேரின் செயல் நடுவில் வந்த பிறகும் மரணத்தை விளைவித்தவன் மாடசாமிதானா? பிரிவின் சொற்கள் இதற்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை. அல்வா கேஸில் வாதம் நடந்ததே இந்த இடத்தில்தான்; நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. எனவே கேஸை இறக்க வேண்டிய இடம் இதுதான். விடையின் முதல் வரியிலோ, "கொலை என்றால் என்ன" என்ற பத்தியிலோ அதைப் போட்டால் வீண்.

எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி அந்த வாக்கியம் மாறும். முழுப் பெயர் தெரிந்தால் முழுப் பெயர். "சூரியநாராயண மூர்த்தி" மட்டும் வந்தால் "சூரியநாராயண மூர்த்தி வழக்கில்" என்று எழுதினால் போதும், எந்தத் திருத்துனருக்கும் புரியும். பெயரே வரவில்லை என்றால் இப்படி எழுதலாம்:

"விஷம் கலந்த அல்வா தொடர்பான பழைய சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றில், குறிவைக்கப்பட்டவர் எறிந்த அல்வாவை எடுத்துத் தின்று சிறுமி ஒருத்தி இறந்தாள். இடையில் பிறர் செயல் வந்திருந்தும், விஷம் வைத்தவரே மரணத்தை விளைவித்தவர் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். இங்கே செல்லையா எறியவில்லை, திண்ணையில் வைத்தார். அது மாடசாமிக்குச் சாதகமான வேறுபாடு அல்ல. விஷம் இருப்பது செல்லையாவுக்கும் தெரியாது, சிறுவனுக்கும் தெரியாது."

இதில் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஆனால் கேஸ் எழுதினால் என்ன பலன் கிடைக்குமோ அதில் பெரும்பங்கு கிடைத்துவிட்டது. முடிவாகச் சொன்ன சட்டம் என்ன, எந்த உண்மை அதற்கு அடிப்படை, எந்த நீதிமன்றம், நம் வினாவோடு எப்படிப் பொருந்துகிறது, இந்த நான்கும் இருக்கின்றன. பெயர் எழுதி இந்த நான்கில் ஒன்றும் எழுதாத விடைதான் உண்மையில் கேஸ் இல்லாத விடை.

அதற்கும் கீழே ஒரு படி உண்டு. நீதிமன்றமும் நினைவில் இல்லை, கதையும் மங்கலாகத்தான் தெரிகிறது. அப்போது "ஒரு வழக்கில் நீதிமன்றம் சொன்னது" என்று இழுக்காமல், சட்ட நிலையை உங்கள் வாதமாக, காரணத்தோடு எழுதுங்கள். "விஷம் இருப்பது தெரியாமல் ஒருவர் செய்யும் செயல், விஷம் வைத்தவருக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பை அறுக்காது" என்பது கேஸ் இல்லாமலும் நிற்கும் வாக்கியம். ஒரு கேஸ் ஞாபகம் இருப்பதுபோல் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் விடுவதுதான் கண்ணில் குத்தும்.

பெயரைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஏதோ ஒரு பேரைப் போட்டு வைப்போம், யார் பார்க்கப் போறா" என்று நினைப்பவர்கள் உண்டு. அதே கொலை பாடத்திலிருந்து இரண்டு சென்னை கேஸ்கள். 1919-இல் வந்த பழனி கவுண்டன் கேஸில், கணவன் மனைவியின் தலையில் கலப்பைக் கொழுவால் அடிக்கிறான். அவள் மயங்கிவிழ, இறந்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலைபோல் தெரியட்டும் என்று தூக்கில் தொங்கவிடுகிறான். அவள் உண்மையில் இறந்தது தூக்கில்தான். அடித்தபோது கொல்லும் எண்ணம் இல்லை, தொங்கவிட்டபோது உயிர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆகவே கொலையும் இல்லை, மரணம் விளைவித்த குற்றமும் இல்லை, கொடுங்காயம்தான் என்று தீர்ப்பு. 1943-இல் வந்த தவமணி கேஸிலும் கிட்டத்தட்ட அதே கதை. பெண்ணைத் தாக்குகிறார்கள், இறந்துவிட்டாள் என்று நினைத்துக் கிணற்றில் போடுகிறார்கள், அவள் கிணற்றில்தான் இறக்கிறாள். ஆனால் இங்கே முதல் அடியிலிருந்தே கொல்லும் நோக்கம் இருந்தது. தீர்ப்பு, கொலை.

இந்த இரண்டு பெயரையும் மாற்றிப் போட்டால் உங்கள் வாதத்துக்கு நேர் எதிரான தீர்ப்பை நீங்களே ஆதாரமாகக் காட்டியதாக ஆகிவிடும். இரண்டையும் பிரிக்கும் கோடு, முதல் அடி விழும்போது இருந்த எண்ணம். அந்தக் கோடே உங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் திருத்துபவர் நினைப்பார். பெயர் நிச்சயமில்லை என்றால் "தூக்கில் தொங்கவிட்ட சென்னை வழக்கு", "கிணற்றில் போட்ட சென்னை வழக்கு" என்று எழுதுவது எவ்வளவோ மேல். எனக்கு ஓரளவு சந்தேகம் இருந்தாலே பெயரை விட்டுவிடுவேன். இல்லாத பெயரைக் கற்பனையாக உருவாக்குவது பற்றிப் பேசவே வேண்டாம். நாளைக்கு கோர்ட்டில் அதைச் செய்தால் வக்கீல் தொழிலே போய்விடும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் இருக்கிறது. பெயர் நன்றாக ஞாபகம் இருக்கும், ஆனால் அதனால் பயன் இருக்காது. "எம்.சி. மேத்தா எதிர் யூனியன் ஆஃப் இந்தியா" என்று எழுதுகிறீர்கள். எந்த எம்.சி. மேத்தா? கங்கை மாசுக்கும் அதே பெயர், தாஜ்மகால் கேஸுக்கும் அதே பெயர், டில்லியில் ஓலியம் வாயு கசிந்த கேஸுக்கும் அதே பெயர். முழுப் பொறுப்புக் கொள்கைக்காக நீங்கள் எழுத வந்தது ஓலியம் கேஸ். அங்கே "ஓலியம் வாயுக் கசிவு வழக்கு" என்ற இரண்டு மூன்று சொல், முழுப் பெயரைவிடத் துல்லியமானது.

மறந்த பெயரில் பாதியை யோசித்தே எடுத்துவிடவும் முடியும். கிரிமினல் கேஸில் ஒரு பக்கம் பெரும்பாலும் அரசுதான். பிரிட்டிஷ் காலத்து கேஸ் என்றால் "எம்பரர்" அல்லது "குயின் எம்ப்ரஸ்" என்று வரும், குடியரசான பிறகு "ஸ்டேட் ஆஃப்" என்று ஒரு மாநிலம். அதனால் மனப்பாடம் செய்ய வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் மட்டுமே. நானாவதி என்று எழுதினால் போதும், மகாராஷ்டிரம் தானாக வந்துவிடும். வீர்சா சிங் என்றால் பஞ்சாப். ஆனால் ஊகித்து எடுத்த பாதியில் சந்தேகம் இருந்தால் அதைச் சேர்க்க வேண்டாம். "வீர்சா சிங் வழக்கு" என்பதே முழு மரியாதையான குறிப்பு, வக்கீல்கள் கோர்ட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆண்டைப் பற்றி மாணவர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். நானாவதி கேஸை ஒரு புத்தகம் 1961 என்னும், இன்னொன்று 1962 என்னும். இரண்டும் சரி: உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1961 நவம்பரில், ஏ.ஐ.ஆர். தொகுப்பில் வந்தது 1962-இல். கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கேஸுக்கும் 1892, 1893 என்று இரண்டு ஆண்டும் இதே காரணத்தால் புழங்குகின்றன. ஆகவே ஓராண்டு முன்னே பின்னே போவதற்காகப் பேனாவைக் கடிக்க வேண்டாம். நிச்சயமில்லை என்றால் ஆண்டை விட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. தொகுப்பின் பக்க எண்ணை நினைவிலிருந்து எழுத முயற்சிப்பது எனக்கு எப்போதுமே வீண் வேலையாகத்தான் பட்டிருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் ஆண்டு முக்கியம்: வரிசையே வாதமாக இருக்கும்போது. அரசியலமைப்புத் திருத்தம் பற்றிய கட்டுரை வினாவில் 1951-இல் சங்கரி பிரசாத், 1967-இல் கோலக்நாத், அதற்குப் பதிலடியாக 1971-இல் 24-ஆவது திருத்தம், பிறகு 1973-இல் கேசவானந்த பாரதி, 1980-இல் மினர்வா மில்ஸ். நீதிமன்றம் ஒன்று சொல்ல, நாடாளுமன்றம் அதை மாற்ற, நீதிமன்றம் மறுபடி பதில் சொல்ல என்று போகும் கதை இது. வரிசை குலைந்தால் கதையே புரியாது. இங்கேயும் எண் மறந்தால் "அதற்குப் பின்", "இந்தத் தீர்ப்பை மாற்றுவதற்காக" என்ற சொற்களால் வரிசையைக் காப்பாற்றிவிடலாம்.

ஹாலுக்குள் பெயர் வராமல் நின்றால், அரை வரி இடம் விட்டு, கேஸின் உண்மைகளையும் முடிவையும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுங்கள். பெயர் பெரும்பாலும் வேறெதையோ எழுதும்போது வந்து நிற்கும். அதனால் வாக்கியத்தைப் பெயர் இல்லாமலும் முழுமையாக நிற்கும்படி முதலிலேயே எழுதிவிட வேண்டும். "______ வழக்கில் நீதிமன்றம் கூறியது" என்று விட்டுவிட்டு, கடைசி வரை பெயர் வராமல் போனால், வெறும் கோடு மட்டும் தாளில் நிற்கும். "சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில்" என்று எழுதி அதற்கு முன்னால் இடம் விட்டால், வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டமில்லை.

பெயர் மறப்பதற்குப் பாதிக் காரணம் படிக்கும் முறையில் இருக்கிறது. எல்லோரும் நோட்டில் இடது பக்கம் கேஸ் பெயர், வலது பக்கம் விவரம் என்று எழுதிவைத்து, பெயரைப் பார்த்து விவரத்தைச் சொல்லிப் பழகுகிறார்கள். பரீட்சை கேட்பது தலைகீழாக. அங்கே கண்முன் இருப்பது ஒரு சம்பவம்: யாரோ எறிந்ததை யாரோ தின்று இறந்தார்கள். அதிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து பெயருக்கும் போக வேண்டும். ஆகவே நோட்டில் முதல் வரியில் சம்பவத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள், அடுத்து அது எந்தப் பிரிவின் எந்தச் சொல்லுக்காக வந்தது என்று எழுதுங்கள், அதற்கு அடுத்து முடிவு, கடைசியில்தான் பெயர். பெயர் இருக்கும் இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகச் சொல்லிப் பாருங்கள். வள்ளியூர்ப் பெண்ணுக்கும் இதையேதான் சொன்னேன். நோட்டை எழுதும்போதே, எந்தக் கேஸ் இல்லாமல் விடை நிற்காதோ அதன் பக்கத்தில் ஒரு குறி போட்டுவிடலாம். தீங்கியலிலும் அரசியலமைப்பிலும் குறி நிறைய விழும், குற்றவியலிலும் ஒப்பந்தத்திலும் குறைவாக விழும். குறி விழுந்த பெயர்களை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு, நேரமிருந்தால் மற்றவைக்கு வாருங்கள்.